லீசிங் முடிந்த காருக்கு எந்தக் காப்புறுதி?

கேள்வி: நான் உப்புவெளியில் வசிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை. எங்களிடம் 2014ஆம் ஆண்டு சுசுகி அல்ட்டோ கார் ஒன்று இருக்கிறது. லீசிங் காசு கட்டி முடிந்துவிட்டது. இவ்வளவு நாளும் லீசிங் கம்பனி கேட்டதால் புல் இன்சூரன்ஸ் போட்டோம். இனித் தேர்ட் பார்ட்டி போதும் என்று மகன் சொல்கிறார். அதற்கு 6,000 ரூபாவும் புல்லுக்கு 58,000 ரூபாவும் கேட்கிறார்கள். பழைய காருக்கு இவ்வளவு கொடுக்கத்தான் வேண்டுமா? ரவுனுக்குள் நான்தான் ஓட்டுவேன். மகன் கொழும்பிலிருந்து வந்தால் அவர் ஓட்டுவார், ஆடி மாதம் கனடாவிலிருந்து வரும் தம்பியும் ஓட்டுவார்.

பதில்: மதிப்பிற்குரிய ரீச்சர் அவர்களுக்கு,

இந்த ஆண்டு முழுக் காப்புறுதியை விட்டுவிடாதீர்கள் என்பதே என் ஆலோசனை. ஆனால் நிறுவனம் அனுப்பும் புதுப்பித்தல் தாளில் உள்ளபடியே கையெழுத்திட்டு, 58,000 ரூபாவைக் கட்டிவிட்டு வந்துவிடவும் வேண்டாம். அந்தத் தாளில் திருத்த வேண்டிய இடமும், கேள்வி கேட்க வேண்டிய இடங்களும் இருக்கின்றன. மகன் சொல்வது எல்லாக் காருக்கும் தவறான யோசனை அன்று. எந்தக் காருக்கு அது சரி என்பதையும் கீழே எழுதுகிறேன்.

சட்டம் எதைக் கட்டாயமாக்குகிறது என்பதிலிருந்து தொடங்குவோம். 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டத்தின்படி, காப்புறுதி இல்லாத வாகனத்தை வீதியில் செலுத்த முடியாது. காப்புறுதிச் சான்றிதழ் இல்லாவிட்டால் பிரதேச செயலகத்தில் வருடாந்த வருமான அனுமதிப்பத்திரமும் புதுப்பித்துத் தர மாட்டார்கள். இந்தக் கட்டாயம் கார் வைத்திருப்பவரைக் காப்பதற்காக வந்ததன்று. அந்தக் காரால் அடிபடக்கூடிய பாதசாரியையும், சைக்கிளில் போகிறவரையும், அவர்களின் குடும்பத்தையும் மனத்தில் வைத்தே அது எழுதப்பட்டது. கார்ச் சொந்தக்காரர் ஏழையாக இருந்தாலும், இறந்தவரின் குடும்பத்துக்கோ காயப்பட்டவருக்கோ நீதிமன்றம் தீர்க்கும் நட்டஈடு கிடைத்தாக வேண்டும் என்பதே அதன் நோக்கம். மூன்றாம் தரப்புக் காப்புறுதியின் உயிர்நாடி இதுதான். முழுக் காப்புறுதிக்குள்ளும் இதே பகுதி அப்படியே அடங்கியிருக்கிறது. ஆகவே நீங்கள் எதைத் தெரிவு செய்தாலும் வீதியில் நிற்கும் மனிதரின் உயிருக்கும் உடலுக்குமான பாதுகாப்பு குறைந்துவிடாது. வேறுபாடு முழுவதும் பொருட்சேதத்தில்தான் தொடங்குகிறது: மற்றவரின் வாகனம், மற்றவரின் மதில், உங்களுடைய சொந்தக் கார்.

மற்றவரின் பொருட்சேதத்தைப் பற்றி முதலில் எழுதுகிறேன், ஏனெனில் பெரும்பாலானோர் கவனிக்காமல் விடுவது அதைத்தான். “தேர்ட் பார்ட்டி இருக்கிறது, நான் யாரையாவது இடித்தால் கம்பனி கட்டும்” என்று பலரும் நம்பியிருக்கிறார்கள். மற்றவரின் பொருட்சேதத்துக்கு நிறுவனம் கட்டும் தொகைக்கு உங்கள் பத்திரத்தில் ஓர் உச்சவரம்பு அச்சிடப்பட்டிருக்கும். குறைந்த கட்டணத்தில் எடுக்கும் மூன்றாம் தரப்புப் பத்திரங்களில் அந்த வரம்பு மிகச் சிறியதாக இருப்பது வழக்கம். நிறுவனத்துக்கு நிறுவனம் அது வேறுபடும் என்பதால் உங்கள் பத்திரத்தின் தொகையை நான் இங்கிருந்து சொல்ல முடியாது. நீங்கள் கேட்டு, எழுத்தில் வாங்க வேண்டும்.

அது ஏன் அவ்வளவு முக்கியம் என்பதைக் கணக்குப் போட்டே பார்க்கலாம். இங்கே நான் தரும் தொகைகள் விளக்கத்துக்கானவை. மழை பெய்யும் ஒரு மாலையில் நீங்கள் நிலாவெளி வீதியால் நகரை நோக்கி வருகிறீர்கள். முன்னால் போன வான் பிரேக் பிடிக்கிறது. உங்கள் கார் வழுக்கிப் போய் அதன் பின்பக்கத்தில் மோதுகிறது. யாருக்கும் காயமில்லை. வானின் பின்கதவும் பம்பரும் உள்ளே மடிந்துவிட்டன. கராஜில் 450,000 ரூபா சொல்கிறார்கள். உங்கள் காரின் பொனட், ரேடியேற்றர், ஒரு ஹெட்லைற், முன் பம்பர் ஆகியவற்றோடு தகர வேலையும் பெயின்றும் சேர்த்து 380,000 ரூபா. பின்னால் இருந்து மோதியதால் தவறு உங்களுடையது என்றே கொள்ளப்படும்.

உங்களிடம் மூன்றாம் தரப்புப் பத்திரம் மட்டும் இருந்து, அதன் பொருட்சேத வரம்பு 100,000 ரூபா என்று வைத்துக்கொள்வோம். நிறுவனம் வான்காரருக்கு அந்த 100,000 ரூபாவைக் கட்டும். மிகுதி 350,000 ரூபாவை அவர் உங்களிடம்தான் கேட்பார். அவர் முழுக் காப்புறுதி வைத்திருந்து அவருடைய நிறுவனம் அவருக்குக் கட்டியிருந்தால், அந்த நிறுவனம் உங்களிடம் கேட்கலாம். உங்கள் காரின் 380,000 ரூபாவுக்கு ஒரு சதமும் கிடைக்காது. ஆக, அந்த ஒரு மாலை உங்கள் கையிலிருந்து 730,000 ரூபாவைக் கொண்டுபோய்விடும்.

அதே விபத்து முழுக் காப்புறுதியோடு நடந்தால், பொருட்சேத வரம்பு போதியதாக இருக்கும் பட்சத்தில் வானின் செலவை நிறுவனமே கட்டும். உங்கள் காரின் 380,000 ரூபாவிலிருந்து இரண்டு கழிவுகள் போகும். ஒன்று, ஒவ்வோர் உரிமைகோரலிலும் நீங்கள் ஏற்க வேண்டிய முதல் தொகை. அதை எக்சஸ் என்பார்கள், 15,000 ரூபா என்று வைப்போம். மற்றது, பழைய பாகத்தை எடுத்துவிட்டுப் புதிய பாகம் போடுவதற்காகக் கழிக்கும் தேய்மானம். அது 40,000 ரூபா என்று வைப்போம். உங்கள் கையிலிருந்து போவது 55,000 ரூபா. உரிமைகோராத ஆண்டுகளுக்காகக் கட்டணத்தில் தரும் கழிவான நோ கிளைம் போனஸ் குறைவதால் அடுத்த ஆண்டுக் கட்டணத்தில் இன்னும் ஒரு தொகை கூடும். அதையும் சேர்த்தாலும் 730,000 ரூபாவின் பக்கத்தில் அது வராது.

தவறு மற்றவருடையதாக இருந்தால் என்ன என்பது அடுத்த கேள்வி. “நான் கவனமாக ஓட்டுகிறேன், வேறு யாராவது இடித்தால் அவர் கட்டட்டும்” என்பது நியாயமான எண்ணம்தான். சட்டமும் அப்படித்தான் சொல்கிறது. ஆனால் அந்த உரிமையைப் பணமாக மாற்றுவது யார் இடித்தார் என்பதைப் பொறுத்தது. உள்துறைமுக வீதியில் ஓர் ஓட்டோ திடீரெனத் திரும்பி உங்கள் கதவை உள்ளே தள்ளிவிட்டது என்று வைப்போம். அந்த ஓட்டோவுக்கும் குறைந்த கட்டண மூன்றாம் தரப்புப் பத்திரமே இருந்தால், அதன் சின்னப் பொருட்சேத வரம்புதான் உங்களுக்கும் கிடைக்கும் உச்சத்தொகை. மிகுதியை அந்தச் சாரதியிடம் கேட்க வேண்டும். அவரிடம் இல்லையென்றால் வழக்கு, தவணை, வக்கீல் கூலி என்று போகும். அதற்குள் கார் கராஜில் நிற்கும். முழுக் காப்புறுதி உள்ளவர் இந்த இடத்தில் தன் நிறுவனத்திடமே தன் காரைத் திருத்தக் கேட்கிறார். மற்றவரிடம் பணத்தை மீட்பது நிறுவனத்தின் தலைவலியாகிவிடுகிறது. என் அனுபவத்தில், ஓய்வூதியம் வாங்கும் ஒருவருக்கு முழுக் காப்புறுதி தரும் மிகப் பெரிய ஆறுதல் இதுதான்.

எந்தப் பத்திரம் வைத்திருந்தாலும் அந்த இடத்தில் செய்ய வேண்டியவை ஒன்றே. யாருக்காவது காயம் இருந்தால் முதலில் அவரைக் கவனியுங்கள், பொலிசுக்கு அறிவியுங்கள். வாகனங்களை அகற்றுவதற்கு முன் இரண்டும் நின்ற நிலையை, வீதியின் ஓரமும் தெரியும்படி, தொலைபேசியில் படமெடுங்கள். மற்ற வாகனத்தின் இலக்கத்தகடு, சாரதி அனுமதிப்பத்திரம், காப்புறுதிச் சான்றிதழ் மூன்றையும் படமெடுங்கள். அவர் தவறு என்றால், அவரைக் கொண்டே அவருடைய நிறுவனத்துக்கு அங்கிருந்தே தொலைபேசி எடுப்பியுங்கள். சேதத்தை மதிப்பிட நிறுவனம் அனுப்பும் அசெசர் வந்து இரண்டு வாகனத்தையும் ஒன்றாகப் பார்த்து எழுதிய அறிக்கைக்கு நிகரான சாட்சி பின்னர் எதுவும் இல்லை. “பிறகு பேசித் தீர்ப்போம், ஊர்க்காரர்தானே” என்று இரண்டு பேரும் கை கொடுத்துப் பிரிந்த பிறகு அடுத்த நாள் பேச்சு மாறியதை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். அந்த நேரத்தில் பத்திரம் பெரிதாக இருந்தும் பயனில்லை.

இனி, எதிரே வேறு வாகனமே இல்லாத விபத்துகள். திருகோணமலையில் வாழ்கிறவருக்கு இந்தப் பகுதியைத்தான் நான் அழுத்திச் சொல்ல வேண்டும். மகன் கொழும்பிலிருந்து வரும்போது ஹபரணையையும் கந்தளாயையும் கடந்துதான் வருகிறார். அந்த வீதியில் இருட்டியபின் யானை குறுக்கே நிற்பது புதுமையன்று. நகருக்குள் வந்தால் வீதியோரம் படுத்திருக்கும் மாடுகளும், கோட்டைப் பக்கம் துள்ளிக் குறுக்கிடும் புள்ளிமான்களும் இருக்கின்றன. மாட்டைத் தவிர்க்கத் திருப்பி மதிலில் மோதினால், மதில்காரருக்கு நீங்கள் கட்ட வேண்டியதை மூன்றாம் தரப்புப் பத்திரம் அதன் வரம்புவரை பார்த்துக்கொள்ளும். உங்கள் காருக்கு எதுவுமில்லை. யானையிடம் காப்புறுதிப் பத்திரம் கேட்க முடியாது. மாட்டின் உரிமையாளரோ பெரும்பாலும் முன்வருவதில்லை. முழுக் காப்புறுதியில் மட்டும்தான் இந்தச் சேதத்துக்கு ஒரு வழி உண்டு.

காற்றும் வெள்ளமும் அப்படியே. 1964 டிசம்பர்ப் புயலை உங்கள் வயதினர் மறந்திருக்க மாட்டார்கள். 2020 டிசம்பர் 2ஆம் திகதி இரவு புரெவிப் புயல் நமது மாவட்டத்தின் வடக்குக் கரையில்தான் கரையேறியது. தென்னை முறிந்து போர்டிகோவில் நின்ற காரின் மேல் விழுந்தால் மூன்றாம் தரப்புக் காப்புறுதி வாய் திறக்காது. ஆனால் முழுக் காப்புறுதி என்றவுடன் வெள்ளமும் புயலும் தானாக அடங்கிவிடும் என்றும் நினைக்க வேண்டாம். இயற்கை அனர்த்தக் காப்பு என்பது சில பத்திரங்களில் உள்ளே இருக்கும், சிலவற்றில் தனிக் கட்டணம் கட்டிச் சேர்க்க வேண்டியிருக்கும். கலவரம், வேலைநிறுத்தம், பயங்கரவாதம் ஆகியவற்றால் வரும் சேதத்துக்கும் அப்படித் தனிச் சேர்க்கை ஒன்று உண்டு. கடலோரத்தில் வாழ்கிற உங்களுக்கு இயற்கை அனர்த்தச் சேர்க்கை இல்லாத முழுக் காப்புறுதி பாதிக் காப்புறுதிதான். புதுப்பித்தல் தாளில் அந்தச் சொல் இருக்கிறதா என்று பாருங்கள்; இல்லையென்றால் சேர்க்கச் சொல்லுங்கள்.

வெள்ளத்தைப் பற்றி இன்னும் ஒன்று. வீட்டு முற்றத்தில் கார் நிற்கையில் தண்ணீர் ஏறிவிட்டால், வடிந்த உடனே சாவியைப் போட்டு “ஸ்டார்ட் ஆகிறதா” என்று பார்க்கவே கூடாது. காற்று போகும் குழாய் வழியாக எஞ்சினுக்குள் தண்ணீர் போயிருக்கும். காற்றைப்போலத் தண்ணீரை அமுக்க முடியாது என்பதால், பிஸ்டன் மேலே வரும்போது அது அமுங்காமல் எதிர்க்க, கனெக்டிங் ரொட் வளைந்துவிடும். தண்ணீர் நனைத்த காரைக் கழுவித் துடைத்து, எண்ணெய் மாற்றி மீட்கலாம். ரொட் வளைந்த எஞ்சினை மீட்பது பெருஞ்செலவு. அசெசர் எஞ்சினைக் கழற்றிப் பார்த்தால் வளைந்தது தண்ணீர் நின்றபோதா, சாவி போட்டபோதா என்பது தெரிந்துவிடும். சாவி போட்டதால் வந்த சேதம் உங்கள் கவனயீனம் என்று நிறுவனம் மறுக்க இடமுண்டு. படமெடுத்துவிட்டு, நிறுவனத்துக்கு அறிவித்து, காரைக் கட்டி இழுத்துக் கராஜுக்கு அனுப்புவதே சரியான வழி.

முழுக் காப்புறுதியின் குறைகளையும் சொல்லாமல் விட்டால் நான் ஒரு பக்கத்தை மட்டும் காட்டியவனாகிவிடுவேன். துரு, தேய்மானம், எஞ்சின் பழுது, பற்றரி போவது, விபத்து எதுவுமின்றி டயர் மட்டும் வெடிப்பது ஆகியவற்றுக்கு அது பணம் தராது. கடற்காற்றில் நிற்கும் காரின் அடித்தகரம் துருப்பிடித்துப்போய், பின்னர் ஒரு மோதலில் அந்த இடமே கிழிந்தால், துருவுக்கான பங்கை அசெசர் தனியாகக் கழிப்பார். அதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் எவ்வளவு கழித்தார், ஏன் கழித்தார் என்று எழுத்தில் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

இப்போது, திருத்த வேண்டிய இடம் என்று மேலே குறிப்பிட்டேனே, அதற்கு வருகிறேன். உங்கள் பத்திரத்தில் காப்புறுதித் தொகை என்று ஒரு பெறுமதி எழுதியிருக்கும். லீசிங் எடுத்த ஆண்டில் இருந்த தொகையையே ஆண்டுதோறும் அப்படியே வைத்துக்கொண்டு வந்தவர்கள் நம்மில் நிறையப் பேர். 2020இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டதும் பழைய கார்களின் விலை ஏறிப்போனது. தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறக்கப்பட்டது. உங்கள் காரின் இன்றைய சந்தை விலை 30 இலட்சம் ரூபா என்றும், பத்திரத்தில் 20 இலட்சம் ரூபா என்றே இருக்கிறது என்றும் வைப்போம். கார் முழுதாக அழிந்தால் 20 இலட்சம்தான் கிடைக்கும் என்பது எல்லோருக்கும் விளங்கும். விளங்காமல் போவது சிறிய விபத்தில்தான். பல பத்திரங்களில் சராசரி விதி என்றொரு நிபந்தனை இருக்கும். பெறுமதியின் மூன்றில் இரண்டு பங்குக்கே நீங்கள் காப்புறுதி செய்திருப்பதால், சேதத்திலும் மூன்றில் இரண்டு பங்கையே நிறுவனம் ஏற்கும். 600,000 ரூபா திருத்தச் செலவுக்கு 400,000 ரூபா கணக்கிட்டு, அதிலிருந்துதான் எக்சஸையும் தேய்மானத்தையும் கழிப்பார்கள். கட்டணத்தை முழுக் காப்புறுதிக்குக் கட்டிவிட்டு, மூன்றிலொரு பங்கை நீங்களே சுமப்பீர்கள்.

எனவே கட்டணத்தைக் குறைப்பதற்காகப் பெறுமதியைக் குறைத்துப் போடச் சொல்லும் முகவரின் ஆலோசனையை ஏற்காதீர்கள். கூட்டிப் போடுவதிலும் இலாபமில்லை. கார் அழிந்தால் அந்நேரச் சந்தை விலைக்கு மேல் தர மாட்டார்கள். அதே ஆண்டு, அதே மொடல், ஏறக்குறைய அதே ஓட்டத்தூரம் உள்ள கார்கள் என்ன விலைக்குப் போகின்றன என்று வாகன விற்பனை விளம்பரங்களிலும் நகரில் உள்ள வாகன விற்பனை நிலையங்களிலும் மகனை விசாரிக்கச் சொல்லுங்கள். இறக்குமதி திறந்தபின் விலை ஒரே இடத்தில் நிற்கும் என்று சொல்ல முடியாது என்பதால், இதை ஒவ்வொரு புதுப்பித்தலிலும் செய்ய வேண்டும்.

தம்பி ஓட்டுவது பற்றி நீங்கள் போகிறபோக்கில் எழுதியிருந்தாலும், கடிதத்தில் என்னைக் கூடுதலாகக் கவலைப்பட வைத்தது அதுதான். இலங்கையில் செல்லுபடியாகும் அனுமதி இல்லாதவர் ஓட்டும்போது விபத்து நடந்தால், பத்திரத்தின் முக்கிய நிபந்தனை ஒன்று மீறப்பட்டதாகிவிடும். கனேடியச் சாரதி அனுமதிப்பத்திரம் மட்டும் கையில் இருப்பது போதாது. அவர் வந்திறங்கியதும் இங்கு ஓட்டுவதற்கான தற்காலிக அனுமதியை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களம் ஊடாகப் பெற்ற பிறகே சாவியைக் கொடுங்கள். அப்படியில்லாமல் அவர் ஓட்டி யாராவது காயப்பட்டால், சட்டத்தின் கட்டாயத்தினால் நிறுவனம் காயப்பட்டவருக்குக் கட்ட நேர்ந்தாலும், அந்தப் பணத்தை உங்களிடமிருந்து திரும்பக் கேட்கக்கூடும். உங்கள் காரின் சேதத்துக்கோ எதுவும் கிடைக்காது. மது அருந்திவிட்டு ஓட்டினாலும் நிலைமை இதுவே. உப்புவெளியில் விடுதி நடத்தும் அயலவர்கள் உல்லாசப் பயணிகளைக் கொண்டுபோய்விட உங்கள் காரை வாடகைக்குக் கேட்டால், அதற்கும் இணங்க வேண்டாம். சொந்தப் பாவனைக்கு என்று எடுத்த பத்திரம் வாடகை ஓட்டத்துக்குச் செல்லாது. இந்த மூன்றும் இரண்டு வகைப் பத்திரத்துக்கும் பொதுவானவை.

மகனின் கணக்குக்கு வருவோம். வித்தியாசம் ஆண்டுக்கு 52,000 ரூபா. பத்து ஆண்டு சேர்த்தால் 520,000 ரூபா. நான் மேலே காட்டிய மழைக்கால விபத்து ஒன்று பத்து ஆண்டுக்குள் வராவிட்டால் அவர் சொன்னது இலாபம், வந்தால் நட்டம். கவனமாக ஓட்டும் பலருக்கு அது வராமலே போகலாம் என்பதையும் நான் மறைக்கவில்லை. நிறுவனங்கள் எல்லோரிடமும் வாங்குவதைவிடக் குறைவாகத்தான் திருப்பிக் கொடுக்கின்றன, இல்லையென்றால் அவை நடக்காது. ஆகவே சராசரிக் கணக்கில் பார்த்தால் மகன் பக்கம் நியாயம் உண்டு. ஆனால் உங்கள் வாழ்க்கை ஒரு சராசரியில் நடப்பதில்லை. 30 இலட்சம் ரூபாக் கார் ஓர் இரவில் இல்லாமற்போனால், ஓய்வூதியத்திலிருந்து இன்னொன்றை வாங்க உங்களால் முடியுமா? எதிர்பாராமல் 730,000 ரூபா கட்ட வேண்டி வந்தால், நகையை அடகு வைக்காமல் கட்ட முடியுமா? இரண்டுக்கும் முடியாது என்பது பதிலானால், 52,000 ரூபா அதற்கான விலை. காரின் வயது இதில் முதற்காரணமே அன்று. பன்னிரண்டு ஆண்டுப் பழைய கார் என்று உங்கள் மகன் பார்க்கிறார். உங்கள் சேமிப்பில் ஒரு பெரும் பகுதி வாசலில் நிற்கிறது என்று நான் பார்க்கிறேன்.

மூன்றாம் தரப்புக் காப்புறுதி சரியாகப் பொருந்தும் ஆட்களும் இருக்கிறார்கள். 8 இலட்சம் ரூபாவுக்கு மேல் விற்க முடியாத மிகப் பழைய கார் ஒன்றை வைத்திருக்கும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். முழுக் காப்புறுதிக்கு அவரிடம் 35,000 ரூபா கேட்கிறார்கள். அவ்வளவு பழைய காரின் பாகங்களுக்குத் தேய்மானம் அதிகமாகக் கழியும். எக்சஸும் போனால், ஒரு நடுத்தர விபத்தில் அவர் கைக்கு வருவது மிகக் கொஞ்சம். சில நிறுவனங்கள் அத்தகைய காருக்கு முழுக் காப்புறுதியே தருவதில்லை. அவர் நகரத்தைத் தாண்டிப் போவதில்லை, கார் போனால் ஓட்டோவில் போகத் தயார், வங்கியிலும் கொஞ்சம் பணம் இருக்கிறது. அவர் மூன்றாம் தரப்புக் காப்புறுதியை எடுத்துக்கொண்டு மிச்சத்தைச் சேமிக்கலாம். ஆனால் அவரும் பொருட்சேத வரம்பைக் கூடுதல் கட்டணம் கட்டி உயர்த்த முடியுமா என்று கேட்க வேண்டும். தன் காரின் பெறுமதி குறைவு என்பதால் தான் இடிக்கப்போகும் வாகனத்தின் பெறுமதியும் குறைவாக இருக்கும் என்று எந்த உறுதியும் இல்லை. மாதத்துக்கு ஒருமுறை மட்டும் எடுக்கும் கார், வேறு வசதியான வாகனமும் வைத்திருக்கும் குடும்பத்தின் இரண்டாவது கார் ஆகியவையும் இந்த வகையில் அடங்கும். லீசிங்கோ கடனோ முடியாதவருக்குத் தெரிவு இல்லை. கார் இன்னும் லீசிங் நிறுவனத்துக்குச் சொந்தமாகவோ கடனுக்கு ஈடாகவோ இருப்பதால் அந்த நிறுவனம் முழுக் காப்புறுதியையே கேட்கும்.

உங்கள் விடயத்தில் இன்னொன்றும் இருக்கிறது. லீசிங் காலம் முழுவதும் உரிமைகோரல் எதுவும் செய்யாதிருந்தால் உங்களுக்கு நோ கிளைம் போனஸ் சேர்ந்திருக்கும். 58,000 ரூபா என்பது அந்தக் கழிவு போனபின் வரும் தொகையாக இருக்கலாம். இப்போது மூன்றாம் தரப்புக்கு மாறி, இரண்டு மூன்று ஆண்டுக்குப் பிறகு மனம் மாறித் திரும்பி வந்தால், அந்தப் போனஸை முழுதாக ஏற்பார்களா என்பது நிறுவனத்தின் கையில் இருக்கும். காரையும் மீண்டும் பரிசோதித்து, துருவும் பழைய கீறலும் எழுதித்தான் எடுப்பார்கள். எனவே எந்த முடிவுக்கும் முன், உங்கள் போனஸ் எத்தனை சதவீதம் என்று கடிதமாக வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கடிதத்தோடு வேறு இரண்டு நிறுவனங்களிடமும் விலை கேட்கலாம். மூவரிடமும் ஒரே காப்புறுதித் தொகைக்கும், ஒரே சேர்க்கைகளுக்கும், ஒரே எக்சஸுக்கும் கேட்டால்தான் விலைகளை ஒப்பிட முடியும். எக்சஸைக் கொஞ்சம் கூட்டிக்கொள்ள நீங்கள் சம்மதித்தால் கட்டணம் குறையலாம். சின்னக் கீறல்களுக்கு நீங்கள் எப்படியும் உரிமைகோரப் போவதில்லை, கோரினால் போனஸ்தான் போகும். 52,000 ரூபா வித்தியாசத்தில் ஒரு பகுதியை இந்த வழியாலே மீதப்படுத்த முடியும்.

லீசிங் முடிந்ததை நிறுவனத்துக்கு அறிவித்து, பத்திரத்தில் லீசிங் நிறுவனத்தின் பெயர் இருந்தால் அதை நீக்கச் சொல்லுங்கள். வாகனப் பதிவுப் புத்தகத்திலும் முழு உரிமை உங்கள் பெயருக்கு மாற வேண்டும். இதைச் செய்யாமல் விட்டவர்கள், கார் முழுதாக அழிந்தபோது நட்டஈட்டுக் காசோலை யார் பெயரில் எழுதப்பட வேண்டும் என்பதில் மாதக்கணக்கில் அலைந்திருக்கிறார்கள்.

பின்னாளில் ஓர் உரிமைகோரலை நியாயமின்றி மறுத்துவிட்டார்கள் என்று நீங்கள் கருதினால், முதலில் மறுப்புக்கான காரணத்தை எழுத்தில் வாங்குங்கள். நிறுவனத்தின் முறைப்பாட்டுப் பிரிவுக்கு எழுதியும் தீராவிட்டால் காப்புறுதி ஒம்புட்ஸ்மனிடமோ இலங்கைக் காப்புறுதி ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவிடமோ முறையிடலாம். விபத்துத் தொடர்பாக நீதிமன்ற அழைப்பாணை எது வந்தாலும், அதை மேசையில் வைத்துவிடாமல் அன்றைக்கே நிறுவனத்தில் ஒப்படைத்துப் பற்றுச்சீட்டு வாங்குங்கள். அறிவித்தல் தாமதமாகியது என்பது நிறுவனங்கள் பொறுப்பை மறுக்கச் சொல்லும் காரணங்களில் ஒன்று.

இப்போதைய பத்திரம் முடியும் திகதிக்கு இரண்டு வாரம் முன்னராவது காப்புறுதித் தொகை, இயற்கை அனர்த்தச் சேர்க்கை, மற்றவரின் பொருட்சேத வரம்பு, உங்கள் காரில் உடன் வருபவர்களுக்கான காப்பு ஆகிய நான்கையும் கேட்டு நிறுவனத்துக்கு ஒரு கடிதம் அனுப்புங்கள். தொலைபேசியில் கிடைக்கும் பதிலை ஏற்க வேண்டாம். எழுத்தில் வந்த பதிலை மகனிடம் காட்டி, அவர் கணக்கையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டுப் பணத்தைக் கட்டுங்கள்.